ஜூன் 22-ஆம் தேதி சேரலாம்

பதினோரு வருஷ டாலஸ் வாசம் போதும், ஊருக்கே போய்விடலாம் என்று முடிவான கையோடு நண்பர் சென்னையில் நாற்பது கம்பெனிகளுக்கு மெயில் போட்டார். பதில் வந்தது இரண்டே இரண்டு. இரண்டுமே "இந்தியா வந்தபிறகு தொடர்புகொள்ளுங்கள்" ரகம். மெயிலை எனக்கும் அனுப்பி, "இதுல என்னய்யா தப்பு?" என்று கேட்டார்.

ஆங்கில மெயில்தான். சாரம் இவ்வளவு: "பல ஆண்டுகள் அமெரிக்காவில் பணிபுரிந்த நான், குடும்பக் காரணங்களுக்காக விரைவில் இந்தியா திரும்பத் திட்டமிட்டுள்ளேன். சர்வதேச அனுபவத்தைத் தாய்நாட்டுக்குப் பயன்படுத்த ஆவலாக உள்ளேன். தகுந்த வாய்ப்பு அமைந்தால் உடனே சேரத் தயார்."

தரமணியில் ஆள் எடுக்கும் வேலையில் பல வருஷமாக இருக்கும் தோழியிடம் காட்டினேன். முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "இவர் வரமாட்டார்" என்றாள்.

எப்படிச் சொல்கிறாய் என்றதற்கு மூன்று வார்த்தைகளில் விரல் வைத்தாள். 'விரைவில்', 'திட்டமிட்டுள்ளேன்', 'அமைந்தால்'. நல்ல வேலை கிடைத்தால்தான் வருவேன், இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று இவை சொல்கின்றனவாம். அவளுக்கு இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. நான்கு சுற்று இன்டர்வியூ முடித்து ஆஃபரும் கொடுத்த பிறகு, "பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஸ்கூல் இருக்கு" என்று பின்வாங்கியவர்கள். இந்திய ஆஃபரைக் காட்டி அங்கேயே சம்பளம் உயர்த்திக்கொண்டவர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலைத் திறக்கும்போது அவள் தேடுவது திறமையை அல்ல. திறமை ரெஸ்யூமேயில் இருக்கிறது. ஆள் வருவாரா, மாட்டாரா என்பதைத்தான் தேடுகிறாள்.

அதற்குப் பதில் தேதிதான். நண்பரிடம் கேட்டால் தேதிகள் எல்லாம் இருந்தன! டாலஸில் பிள்ளைகளின் பள்ளி மே கடைசியில் முடிகிறது. இங்கே ஜூனில் திறக்கிறது. விமான டிக்கெட் ஜூன் 3-க்கு எடுத்தாகிவிட்டது. மடிப்பாக்கத்தில் அப்பா வீட்டு மாடி காலியாக இருக்கிறது. இதில் ஒன்றுகூட மெயிலில் இல்லை. சொந்த விஷயம், கம்பெனிக்கு எதற்கு என்று விட்டுவிட்டாராம்.

'உடனே சேரத் தயார்' என்பது இன்னொரு வினை. அமெரிக்காவில் ராஜினாமா செய்தால் இரண்டு வாரம் முன்னால் சொல்வது வழக்கம். அதை வைத்து, நோட்டீஸ் பீரியட் கேட்ட இடத்தில் '2 வாரம்' என்று நிரப்பியிருந்தார். அதைப் பார்க்கிற ரெக்ரூட்டர் அடுத்த மாதமே ஆள் வந்துவிடுவார் என்று கணக்குப் போடுவார். பேசும்போது ஜூன் என்று தெரிந்தால், சொன்னது பொய்யாகிவிடும். நோட்டீஸ் வேறு, சேரும் தேதி வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

மூன்று மாதம் தள்ளிச் சேருவேன் என்றால் யார் காத்திருப்பார்கள் என்ற பயம் நண்பருக்கு இருந்தது. தோழி சிரித்தாள். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து அதே வேலைக்கு விண்ணப்பிக்கிறவரும் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸில்தான் இருக்கிறார். சேரும் தேதிக்கு நூறு நாள் முன்னால் எழுதினால் இருவரும் ஒரே கோட்டில் நிற்கலாம். எட்டு மாதம் முன்னால் எழுதினால்தான் அந்த மெயில் அடியில் போய்விடும்.

மார்ச் 16-ஆம் தேதி புது மெயில் போனது. சேரும் நாளுக்குச் சரியாக 98 நாள் முன்பு. சப்ஜெக்ட் வரியிலேயே வேலையின் பெயர், 'சென்னை', 'ஜூன் 22 முதல் சேரலாம்'. உள்ளே இப்படி:

"குடும்பத்துடன் ஜூன் 5 அன்று நிரந்தரமாகச் சென்னை வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெற்றோருடன் இருப்பதற்காக வருகிறேன். வேலை கிடைப்பதைப் பொறுத்தது அல்ல. என் நோட்டீஸ் இரண்டு வாரம், கடைசி வேலை நாள் மே 22. ஜூன் 22 முதல் சேரலாம். இந்திய பாஸ்போர்ட், வேலை செய்ய அனுமதி எதுவும் தேவையில்லை. இந்திய நேரம் காலை 7 முதல் 10 வரை எந்த நாளும் பேசலாம்."

அதற்குக் கீழே அனுபவம் நான்கு வரி. அவ்வளவுதான்.

'வேலை கிடைப்பதைப் பொறுத்தது அல்ல' என்ற துண்டுக்குத்தான் நண்பர் தயங்கினார், பேரம் பேசும் பலம் போய்விடுமே என்று. எனக்கென்னவோ அந்த மெயிலுக்கு உயிரே அந்த வரிதான். பாஸ்போர்ட் வரியும் சும்மா இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இங்கே தனியாக வேலை விசா வேண்டாம், இல்லாவிட்டால் வேண்டும். கேட்பதற்கு முன் சொல்லிவிட்டால் ஒரு சந்தேகம் குறையும். வேலை போய்த் திரும்புகிறவர்கள் அதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது தோழியின் கட்சி. ஹெச்-1பி விசாவில் வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். மார்ச் 14-இல் வேலை முடிந்தவர் மே 13-க்குள் அங்கே வேறு வழி பார்க்க வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். அப்படி எழுதுகிறவர் வருவாரா என்று யாரும் கேட்பதில்லை.

ஆறு பதில் வந்தது. முதல் இன்டர்வியூ வியாழன் காலை 9.30, இந்திய நேரம். குளிர்காலத்தில் அது டாலஸில் புதன் இரவு 10 மணி. நண்பர் 10-க்கே உட்கார்ந்தார். யாரையும் காணோம். 10.20-க்கு "காத்திருக்கிறேன்" என்று கொஞ்சம் காரமாகவே மெயில் தட்டினார். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள், இங்கே 9.30 என்றால் அங்கே இப்போது 11. பிறகு மன்னிப்பு மெயில். அந்த வேலை வரவில்லை. அதனால்தானா என்று சொல்லத் தெரியாது.

சம்பளப் பேச்சில் டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் வியாதி இவருக்கும் இருந்தது. ஒரு கம்பெனி 36 லட்சம் சிடிசி என்றதும், மாதம் மூன்று லட்சம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அதில் 3.6 லட்சம் 'வேரியபிள்', வந்தால்தான் உண்டு. அடிப்படைச் சம்பளம் 18 லட்சம். அதில் 12 சதவீதம், அதாவது 2.16 லட்சம், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். கிராஜுவிட்டிக்கு 87 ஆயிரம் ஒதுக்கீடு. எல்லாம் போக மாதம் சுமார் 2.45 லட்சம். அதிலிருந்துதான் அவருடைய பி.எஃப். பங்கும் வருமான வரியும். எதிர்பார்ப்பை எழுதும்போது 'வேரியபிள் நீங்கலாக இவ்வளவு' என்று எழுதுங்கள் என்றாள் தோழி.

ஏப்ரல் கடைசியில் ஆஃபர் வந்தது. கூடவே 'ரிலீவிங் லெட்டர்' கேட்டார்கள். நண்பரின் டாலஸ் கம்பெனியில் அப்படி ஒரு காகிதம் இருப்பதே யாருக்கும் தெரியாது. கடைசி நாள் ஆனால் ஆபீஸ் மெயில் அணைந்துவிடும், பிறகு கேட்க ஆள் கிடைக்காது. முன்கூட்டியே ஹெச்.ஆரிடம், சேர்ந்த தேதி, விலகும் தேதி, பதவி மூன்றும் போட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். அதோடு ஆண்டு வருமானச் சான்றான டபிள்யூ-2 படிவங்களும் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளும் இங்கே போதுமானதாக இருந்தன.

ஜூன் 6 காலை, வந்த அலுப்பு தீராமலே, "வந்துவிட்டேன், இது என் சென்னை எண்" என்று ஹெச்.ஆருக்கு இரண்டு வரி போட்டார். அரை மணியில் போன் வந்தது. பழைய பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் வேண்டுமாம். அதை எடுக்க ஆதாரில் பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி. போகும். பதினோரு வருஷத்துக்கு முந்தைய எண். பயன்படாத எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று நண்பர் தலையில் கைவைத்தபோது, உள்ளறையிலிருந்து ஒரு பழைய பட்டன் போன் கூவியது. மாதாமாதம் தவறாமல் ரீசார்ஜ் போட்டு அப்பா அந்த சிம்மை வைத்திருந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.