நோடலா, மெஷ்ஷா?

பொறியியல் மாணவர்கள் கையில் சுற்றும் பழைய வினாத்தாள் கட்டுகளில் ஒரு படம் வெவ்வேறு எண்களோடு திரும்பத் திரும்ப வரும். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டுக்கும் குறுக்கே நான்கு கிளைகள். முதல் கிளையில் 20 வோல்ட் மூலமும் அதனோடு தொடராக 4 ஓம் மின்தடையும் இருக்கின்றன. இரண்டாவதில் 5 ஓம் மட்டும். மூன்றாவதில் 15 வோல்ட் மூலமும் 2 ஓமும். கடைசியில் 20 ஓம். இரண்டு மூலங்களுக்கும் நேர்முனை மேலே பார்த்தபடி இருக்கிறது. ‘5 ஓம் மின்தடை வழியாகப் பாயும் மின்னோட்டம் எவ்வளவு?’ என்பது கேள்வி.

படத்தைப் பார்த்ததும் பெரும்பாலோர் கை மூன்று வட்டங்களைப் போட்டு, I1, I2, I3 என்று பெயர் வைத்துவிடும். படத்தில் மூன்று சன்னல்கள் தெரிகின்றன, ஆகவே மூன்று சுழல் மின்னோட்டங்கள். இது மெஷ் முறை. ஒவ்வொரு சன்னலையும் ஒரு சுற்று சுற்றிவந்தால் மின்னழுத்தங்களின் கூட்டல் பூஜ்யமாக வேண்டும் என்ற கிர்ச்சாஃப் விதிதான் அதன் அடிப்படை. கிர்ச்சாஃப் இந்த விதிகளை 1845-இல், கோனிக்ஸ்பெர்க்கில் மாணவராக இருந்தபோதே எழுதினார். அவருடைய மற்றொரு விதி, ஒரு சந்திப்பில் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்கிறது. நோடல் முறை அதன்மேல் நிற்கிறது. அதில் தேடப்படுவது மின்னோட்டம் அல்ல, ஒவ்வொரு சந்திப்பின் மின்னழுத்தம்.

மெஷ் வழியில் போனால் இந்தக் கணக்கு இப்படி அமையும்:

9·I1 − 5·I2 = 20
−5·I1 + 7·I2 − 2·I3 = −15
−2·I2 + 22·I3 = 15

மூன்று தெரியாதவை, மூன்று சமன்பாடுகள். தவறில்லாமல் தீர்த்தால் I1 = 1.875, I2 = −0.625, I3 = 0.625. கேட்டது 5 ஓமின் மின்னோட்டம். அது முதல் இரண்டு சன்னல்களுக்கும் பொதுவான கிளை என்பதால் I1 − I2 = 2.5 ஆம்பியர். விடை சரிதான். ஆனால் I2-இன் கழித்தல் குறியைக் கடைசி வரியில் மறந்து 1.25 என்று எழுதுபவர்கள் உண்டு. மூன்று சமன்பாடுகளையும் ஒழுங்காகத் தீர்த்த பிறகு மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

இதே படத்தை நோடல் கண்ணோடு பார்த்தால் கீழ்க்கம்பியைத் தரையாக, அதாவது 0 வோல்ட்டாக வைத்துக்கொள்ளலாம். மேல்கம்பி முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறது. அதை V என்போம். அதிலிருந்து நான்கு கிளைகளிலும் வெளியேறும் மின்னோட்டங்களைக் கூட்டினால் பூஜ்யம்:

(V − 20)/4 + V/5 + (V − 15)/2 + V/20 = 0

இருபதால் பெருக்கினால் 20V = 250. V = 12.5 வோல்ட். ஐந்தால் வகுத்தால் 2.5 ஆம்பியர். தெரியாதது ஒன்றே ஒன்று.

இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தரும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எந்த வழியில் எத்தனை சமன்பாடு வரும் என்பதைப் பேனாவைத் திறப்பதற்கு முன்பே எண்ணிவிட முடியும் என்பதும் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் அதிகம் புரட்டுவதில்லை. நோடலுக்கு, மொத்த நோடுகளில் தரைக்காக ஒன்றைக் கழித்து, பிறகு ஒவ்வொரு மின்னழுத்த மூலத்துக்கும் ஒன்று கழிக்க வேண்டும். மூலம் இரு நோடுகளின் வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் ஒரு தெரியாதது குறைகிறது. மெஷ்ஷுக்கு, சன்னல்களின் எண்ணிக்கையில் ஒவ்வொரு மின்னோட்ட மூலத்துக்கும் ஒன்று கழிக்க வேண்டும். எது சிறிய எண்ணோ அதுவே வழி.

நம் படத்தில் மேல்கம்பி, கீழ்க்கம்பி, மூலத்துக்கும் மின்தடைக்கும் இடையே இரண்டு என நோடுகள் நான்கு. தரையைக் கழித்தால் மூன்று. மின்னழுத்த மூலங்கள் இரண்டையும் கழித்தால் ஒன்று. சன்னல்கள் மூன்று, மின்னோட்ட மூலம் எதுவும் இல்லை, எனவே மூன்று. ஒன்றா, மூன்றா என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

எண்ணும்போதே தவறு நடப்பதும் உண்டு. படத்தில் கரும்புள்ளி வைத்த இடமெல்லாம் தனி நோடு அல்ல. மேல்கம்பியில் நான்கு கிளைகள் சேரும் இடங்களில் நான்கு புள்ளிகள் போட்டிருந்தாலும், நடுவில் எந்த உறுப்பும் இல்லாமல் வெறும் கம்பி ஓடினால் அது மொத்தமும் ஒரே நோடுதான். வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஒரே கம்பியை வளைத்து நெளித்து வரைந்து இரண்டு நோடுகள் போலக் காட்டுவார்கள். கம்பியை விரலால் தொடர்ந்து போய்ப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் பலனுள்ள வேலை.

அப்படியானால் எப்போதும் நோடல்தானா? இல்லை. இன்னொரு படம். இடது ஓரத்தில் 6 ஆம்பியர் மின்னோட்ட மூலம் மேல்நோக்கித் தள்ளுகிறது. அதற்கு இணையாக 10 ஓம். அங்கிருந்து வலப்பக்கம் 5 ஓம். அது முடியும் இடத்திலிருந்து கீழே இன்னொரு 5 ஓம். வலது ஓரத்தில் 4 ஆம்பியர் மூலம், இதுவும் மேல்நோக்கி, தன்னோடு தொடராக 8 ஓமை வைத்துக்கொண்டு. நடுவில் உள்ள கிடைமட்ட 5 ஓமில் எவ்வளவு பாய்கிறது?

சன்னல்கள் மூன்று, மின்னோட்ட மூலங்கள் இரண்டு. மிச்சம் ஒன்று. எல்லாச் சுழற்சியையும் கடிகாரத் திசையில் வைத்தால், இடது சன்னலின் மின்னோட்டம் 6, வலது சன்னலுடையது −4 என்று பார்த்தவுடனேயே தெரிகிறது. நடுச் சன்னலுக்கு மட்டும் எழுதினால் போதும்:

10(I − 6) + 5I + 5(I + 4) = 0

20I = 40, ஆகவே I = 2 ஆம்பியர். நோடலில் போயிருந்தால் குறைந்தது இரண்டு தெரியாதவை வந்திருக்கும். சரிபார்க்க வேண்டுமானால், 10 ஓமில் 4 ஆம்பியர் பாய்வதால் இடது நோடு 40 வோல்ட். கீழிறங்கும் 5 ஓமில் 6 ஆம்பியர் பாய்வதால் வலது நோடு 30 வோல்ட். வித்தியாசம் 10 வோல்ட், அதை 5 ஓமால் வகுத்தால் மீண்டும் அதே 2.

அந்த 8 ஓம் எங்கே போனது? எங்கும் வரவில்லை, வரவும் கூடாது. மின்னோட்ட மூலத்தோடு தொடராக நிற்கும் மின்தடை அந்தக் கிளையின் மின்னோட்டத்தை மாற்றாது. மூலம் 4 ஆம்பியர் என்றால் 4 ஆம்பியர்தான். மூலத்துக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தம் மட்டுமே மாறும். இந்தக் கணக்கை நோடலில் போடுபவர்கள் பழக்கதோஷத்தில் 1/8 என்றொரு உறுப்பைச் சேர்த்துவிடுவார்கள். விடையும் நம்பும்படியாகவே வரும், ஆனால் தவறாக இருக்கும். வினாவில் இந்த 8 ஓம் இருப்பதே இதற்காகத்தான் என்று சந்தேகிக்கலாம்.

வேறொரு பொறி, எந்த மின்தடையும் துணையில்லாமல் இரண்டு நோடுகளுக்கு நடுவே தனியாகத் தொங்கும் மின்னழுத்த மூலம். அதன் வழியே எவ்வளவு பாய்கிறது என்பதை ஓம் விதியால் சொல்ல முடியாது. வகுக்க மின்தடையே இல்லை. இடது நோடில் 3 ஆம்பியர் நுழைகிறது, அங்கிருந்து தரைக்கு 4 ஓம், வலது நோடிலிருந்து தரைக்கு 6 ஓம், நடுவே 10 வோல்ட் மூலம், அதன் நேர்முனை இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோடுகளையும் மூலத்தோடு சேர்த்து ஒரே பையாகக் கட்டிவிடுவதுதான் இதற்கான உபாயம். இதை சூப்பர்நோடு என்பார்கள். பைக்குள் நுழைவது 3, வெளியேறுவது Va/4 + Vb/6. கூடவே Va − Vb = 10. தீர்த்தால் Vb 1.2 வோல்ட், Va 11.2 வோல்ட். 4 ஓமில் 2.8, 6 ஓமில் 0.2, கூட்டினால் 3 ஆம்பியர். இரண்டு சன்னல்களுக்கு நடுவே மின்னோட்ட மூலம் மாட்டிக்கொண்டால் மெஷ்ஷிலும் இதே தந்திரம், சூப்பர்மெஷ் என்ற பெயரில்.

எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமமாக வந்தால் என்ன செய்வது? அப்போது கேள்வியைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் கேட்டால் நோடல், மின்னோட்டம் கேட்டால் மெஷ். சார்பு மூலம் இருந்தால் அது எதைச் சார்ந்திருக்கிறது என்பது முக்கியம். ஒரு மின்தடையின் மின்னழுத்தத்தைச் சார்ந்திருந்தால் நோடலிலும், மின்னோட்டத்தைச் சார்ந்திருந்தால் மெஷ்ஷிலும் அதை எளிதாக எழுதலாம். கேட் தேர்வில் 65 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம், கேள்விக்குச் சராசரியாக மூன்று நிமிடம்கூட இல்லை. எந்த முறையில் தீர்த்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் கதை வேறு. ‘மெஷ் முறையைப் பயன்படுத்தி’ என்று வினாவிலேயே எழுதியிருந்தால், நோடலில் ஒரே வரியில் முடிந்தாலும் மூன்று சமன்பாடுகளை எழுதித்தான் ஆக வேண்டும். நோடல் விடையை விடைத்தாளின் ஓரத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ள மட்டும் தடையில்லை.

அப்படிக் கட்டாயமாக மெஷ் எழுதும்போது தீர்ப்பதற்கு முன்பே பிழையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. முதல் கணக்கின் மூன்று சமன்பாடுகளைத் திரும்பப் பாருங்கள். மூலைவிட்டத்தில் 9, 7, 22 என எல்லாம் நேர் எண்கள். முதல் வரியில் I2-க்கு −5, இரண்டாம் வரியில் I1-க்கும் −5. இரண்டாம் வரியில் I3-க்கு −2, மூன்றாம் வரியில் I2-க்கும் −2. எல்லாச் சுழற்சியும் ஒரே திசையில் இருந்து, சார்பு மூலமோ மின்னோட்ட மூலமோ இல்லாவிட்டால், இந்தச் சமச்சீர் கண்டிப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ குறி தவறியிருக்கிறது.

விடை வந்த பிறகு திறனைக் கூட்டிப் பார்க்கலாம். 20 வோல்ட் மூலம் தருவது 37.5 வாட், 15 வோல்ட் மூலம் 18.75 வாட், மொத்தம் 56.25. நான்கு மின்தடைகளும் எரிப்பது 14.0625, 31.25, 3.125, 7.8125. இவற்றின் கூட்டலும் 56.25.

பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி 1973-இல் வெளியான ஸ்பைஸ் என்ற கணினி நிரல் நோடலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அந்த மரபில் வந்த நிரல்கள் பின்னர் மூலங்களின் மின்னோட்டங்களையும் தெரியாதவையாகச் சேர்க்கும் வகையில் அதைத் திருத்திக்கொண்டன. கணினிக்கு எத்தனை சமன்பாடு என்பது பெரிய கவலையில்லை. கம்பிகள் ஒன்றையொன்று தாண்டாமல் தாளில் வரையவே முடியாத சுற்றில் சன்னல் என்ற ஒன்றே கிடையாது, எனவே மெஷ் அங்கே செல்லாது. நோடலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தாளில் இரண்டு சுருள்கள் அருகருகே நின்று, பரிமாற்றத் தூண்டலாகப் புள்ளிக் குறிகளோடு வந்தால் மாணவர்கள் மெஷ் பக்கம் போவதே சரி. ஒரு சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் அடுத்த சுருளின் மின்னோட்டத்தைக் கொண்டு நேராக எழுதப்படுகிறது. மெஷ்ஷில் அது ஒரே உறுப்பாக வந்து உட்கார்ந்துவிடும். நோடலிலோ மின்னோட்டத்தை மின்னழுத்தத்தால் எழுத, அந்த இரண்டு சுருள்களின் சமன்பாடுகளை முதலில் தலைகீழாக்க வேண்டியிருக்கும்.