மண்ணீரல் இல்லாத குழந்தையின் காய்ச்சல்: அன்றும் இன்றும்

1952-ஆம் ஆண்டு மருத்துவ இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவர்கள் கிங், ஷூமாக்கர் இருவரும் எழுதியது. பிறவி ரத்தசோகைக்காக ஐந்து கைக்குழந்தைகளுக்கு மண்ணீரலை அகற்றியிருந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் கடுமையான நோய்த்தொற்று வந்ததைப் பற்றியது அந்தக் கட்டுரை. மற்றொன்று நம் நீலகிரியைப் பற்றியது. அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்த லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், அரிவாள் போல வளையும் சிவப்பணுக்கள் தென்னிந்தியாவிலும் உண்டு என்று அதில் தெரிவித்திருந்தார்கள்.

இரண்டும் ஒரே ஆபத்தைப் பற்றியவை என்பது தெளிவாகப் பல ஆண்டுகள் பிடித்தன. முதல் கட்டுரையில் கத்தி மண்ணீரலை எடுத்தது. இரண்டாவதில் சிக்கிள் செல் நோயே அதைச் சிறுகச் சிறுக அழித்துவிடுகிறது. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைக்க, உறுப்பு ரத்த ஓட்டமின்றிக் கருகிச் சுருங்குகிறது. கத்தி பட்டாலும் நோய் அழித்தாலும் அந்தக் குழந்தைக்கு மண்ணீரல் இல்லை.

மண்ணீரல் இல்லாவிட்டால் என்ன என்றுதான் அதற்கு முன்பு மருத்துவ உலகம் நினைத்திருந்தது. நோபல் பரிசு பெற்ற சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோகர், அடிபட்ட மண்ணீரலை எடுத்துவிடுவதே முறை, எடுப்பதால் தீங்கில்லை என்று 1911-இல் எழுதினார். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிச் சாவதைத் தடுக்க அன்று வேறு வழியும் இல்லை. மண்ணீரலை இழந்த எலிகள் தொற்றுக்கு எளிதில் பலியாகின்றன என்று 1919-லேயே மோரிஸும் புல்லக்கும் காட்டியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்து நடந்து வீட்டுக்குப் போனவர் மூன்று வருடம் கழித்து காய்ச்சலில் இறந்தால், அந்தச் சாவைப் பழைய தழும்போடு சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

மண்ணீரல் என்ன செய்கிறது என்று பார்த்தால் அந்தச் சாவு புரியும். அது ரத்தத்துக்கு ஒரு சல்லடை. அதன் இடுக்குகளில் ரத்தம் மெதுவாக ஊர்கிறது, அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் கிருமிகளைப் பிடிக்கின்றன. நிமோகாக்கஸ் என்ற கிருமி, வழுக்கும் சர்க்கரை உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். அதற்கு எதிரான நோய் எதிர்ப்புப் புரதம் மேலே ஒட்டினால்தான் விழுங்கணுக்களுக்குப் பிடி கிடைக்கும். அந்தப் புரதத்தை உடனடியாகச் சுரக்கும் அணுக்களும் பெரும்பாலும் மண்ணீரலில்தான் இருக்கின்றன. பெரியவர்களுக்கு, முன்பு வந்துபோன தொற்றுகளின் பலனாக ஓரளவு எதிர்ப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கைக்குழந்தைக்கு அதுவும் கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி ஒன்று, தடுப்பாரின்றி விட்டால் பத்து மணி நேரத்தில் பத்து லட்சமாகிவிடும். ரத்தத்தில் கிருமிகள் அவ்வளவு நெருக்கமாகிவிடுவதால், விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தாலே சில சமயம் ஜோடி ஜோடியாகத் தெரியும். சாதாரண ரத்தத் தொற்றில் அப்படிக் காண்பது அரிது.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அன்று எப்படி இறந்திருக்கும் என்று பார்ப்போம். காலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது, ஒரு தடவை வாந்தி. பல் முளைக்கிறது, இல்லாவிட்டால் சாப்பிட்டது சேரவில்லை என்று வீட்டில் நினைக்கிறார்கள். மதியம் வரை மடியில் விளையாடவும் செய்கிறது. மாலையில் கை கால் சில்லிட்டுப் போகிறது, கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. தோலில் ஊதாத் திட்டுகள் தோன்றுகின்றன. ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது ரத்த அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கிறது, ரத்தம் உறையும் முறையே குலைந்திருக்கிறது. முதல் காய்ச்சலிலிருந்து இருபத்திநாலு மணி நேரம்கூட ஆகியிருக்காது. குழந்தைக்குச் சிக்கிள் செல் நோய் இருந்தது என்பதே பல வீடுகளில் அந்தச் சாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. சில வீடுகளில் கடைசிவரை தெரியவில்லை.

மேரிலின் கேஸ்டன் என்ற கருப்பின மருத்துவர், 1964-இல் பிலடெல்பியாவில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கை வீங்கிய ஒரு குழந்தையைப் பார்த்தார். அடிபட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. சிக்கிள் செல் இருக்கிறதா பார் என்று மேல்மருத்துவர் சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. சோதனையில் நோய் உறுதியானது. குழந்தையின் ரத்தத்தில் அதற்குள் தொற்று பரவியிருந்தது. அந்த நோயே அதன் பிறகு அவருடைய வாழ்நாள் வேலையானது.

அவர் தலைமையில் 1983-இல் தொடங்கிய ஆய்வின் எளிமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சிக்கிள் செல் நோயுள்ள, 3 மாதம் முதல் 3 வயது வரையிலான 215 குழந்தைகள். பாதிப் பேருக்குத் தினமும் காலையும் மாலையும் 125 மில்லிகிராம் பென்சிலின், மீதிப் பேருக்கு அதே நேரத்தில் வைட்டமின் சி. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பென்சிலின் பெறாத 110 பேரில் 13 பேருக்கு ரத்தத்தில் கடும் தொற்று வந்தது, மூன்று குழந்தைகள் இறந்தன. பென்சிலின் பெற்ற 105 பேரில் இருவருக்குத்தான் தொற்று, ஒருவரும் இறக்கவில்லை. இதற்கு மேல் வைட்டமின் சி கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று, குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள். முடிவுகள் 1986-இல் வெளியாயின.

பென்சிலின் அப்போது புது மருந்தல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே கையில் இருந்த, விலை மலிந்த மருந்து. கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து இருக்க, நாற்பது ஆண்டுகள் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். எந்தக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பது காய்ச்சலுக்கு முன்பே தெரியவில்லை, அதுதான் காரணம். என் பார்வையில் இந்த ஆய்வின் பெரிய விளைவு பென்சிலின் அல்ல. 1987-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் சிக்கிள் செல் சோதனை செய்யச் சொன்னது. குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பினால் போதும். பிறந்த குழந்தையின் உடலில் கருக்கால ஹீமோகுளோபின் நிறைந்திருக்கும், அது இருக்கும்வரை அணுக்கள் அவ்வளவாக வளையாது. ஆறு மாதத்துக்குள் அது வடிந்துவிடும், மண்ணீரலும் அப்போதிலிருந்தே செயலிழக்கத் தொடங்கும். ஆகவே இரண்டு, மூன்று மாதத்திலேயே பென்சிலின் தொடங்கியாக வேண்டும்.

தடுப்பூசி அதற்குப் பிறகுதான் முழுப் பலன் தந்தது. நிமோகாக்கஸின் சர்க்கரை உறையை மட்டும் வைத்துச் செய்த முதல் தடுப்பூசி 1977-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆபத்து மிகுந்த இரண்டு வயதுக்குள் குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையை அடையாளம் கண்டு சரியாக எதிர்வினை காட்டாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசி 2000-இல் வந்த பிறகே கைக்குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சிக்கிள் செல் நோயுள்ள ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் இந்தத் தொற்று 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இந்தியாவில் இந்த ஊசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்கவும் அரசு அட்டவணைக்கு வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. சிக்கிள் செல் குழந்தைக்கு இதோடு நிற்கக் கூடாது. இரண்டு வயதில் 23 வகைக் கிருமிகளுக்கான பழைய ஊசியும், மெனிங்கோகாக்கஸ் ஊசியும், ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் தேவை.

அதே ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இன்று காய்ச்சல் வந்தால்? தெர்மாமீட்டர் 101.3 டிகிரி காட்டினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தாய்க்குச் சொல்லப்பட்டிருக்கும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்பது இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. அங்கே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றே என்று இந்த விதியைத் தளர்த்த முடியாது. நிமோகாக்கஸில் ஏறக்குறைய நூறு வகைகள் உண்டு, ஊசி காப்பது அவற்றில் சிலவற்றிலிருந்து மட்டும். பென்சிலினுக்கு மசியாத வகைகளும் இருக்கின்றன.

இந்தப் பாதுகாப்புச் சங்கிலி அறுபடும் இடம் வீடுதான். காய்ச்சலோ வலியோ இல்லாத, நன்றாக ஓடியாடும் குழந்தைக்குத் தினமும் இரண்டு வேளை, ஐந்து வயது வரை பென்சிலின் கொடுப்பது எளிதல்ல. சிரப் பொடியைத் தண்ணீரில் கலந்தால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு வாரம்தான் தாங்கும். பிறகு புது பாட்டில், இன்னொரு பயணம். அமெரிக்காவில் ஆறு மாநிலங்களின் அரசுக் காப்பீட்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, ஆண்டில் 300 நாளாவது மருந்து பெற்ற குழந்தைகள் 18 சதவீதம்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இதய வால்வு நோய்க்கு நம் ஊரில் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியும் ஒரு மாற்று வழி.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் பரவலாக உள்ள சிக்கிள் செல் வகையில் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாக நீடிக்கும், மண்ணீரலும் பல ஆண்டுகள் வீங்கியே இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல்தான் இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கைக்குத் தட்டுப்படும் மண்ணீரலும் வேலை செய்யாமல் இருக்கலாம் என்று ஹோவர்ட் பியர்சன் 1969-இலேயே காட்டினார். ரத்தப்பூச்சில் சிவப்பணுக்களுக்குள் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் சல்லடை பழுது என்று பொருள். 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. திருமண வயதில் நோய்க்கூறு தெரிவது நல்லதுதான். ஆனால் பென்சிலின் காப்பாற்றும் குழந்தையைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

பைக் விபத்தில் மண்ணீரலை இழந்த பெரியவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. இன்று முடிந்தவரை மண்ணீரலை எடுக்காமலே சமாளிக்கப் பார்க்கிறார்கள். எடுத்தே ஆக வேண்டுமானால், திட்டமிட்ட ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு தடுப்பூசிகள் போட வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் கழித்துப் போடுகிறார்கள். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார், ஊசி விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம், ஆனால் அது ஆயுள் முழுக்கத் தொடரும். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண்ணீரல் இல்லாதவருக்கு அதோடு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையும் உடனே தேவை. நாயின் வாயில் வாழும் ஒரு பாக்டீரியா, மற்றவர்களுக்கு அநேகமாக ஒன்றும் செய்யாதது, இவருடைய ரத்தத்தில் அதே வேகத்தில் பெருகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் “மண்ணீரல் அகற்றப்பட்டது” என்று எழுதியிருக்கும். அதை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது.