வீட்டு வேலை தாமதமானால் எழுதும் எச்சரிக்கைக் கடிதம்

கட்டட ஒப்பந்ததாரர் வேலையை இழுத்தடிக்கும்போது அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம், வீட்டு உரிமையாளரின் இழப்பீட்டு உரிமையைக் காக்கிறது. காலக்கெடுவே முக்கியம் என்ற ஒப்பந்தத்தில், தாமதமாக முடிந்த வேலையை ஏற்கும்போது இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால், பிறகு அதைக் கோர முடியாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு.

கடிதத்தில் ஒவ்வொரு குறையும், அது மீறும் ஷரத்தோடு சேர்ந்தே வர வேண்டும். எடுத்துக்காட்டாக: “4ஆம் ஷரத்துப்படி முதல் தளக் கான்கிரீட் ஜூன் 30க்குள் முடிந்திருக்க வேண்டும். ஜூலை 21 வரை சென்ட்ரிங் வேலையே தொடங்கவில்லை. 9ஆம் ஷரத்துப்படி வாரத்துக்கு 5,000 ரூபாய் வீதம், மூன்று வாரங்களுக்கு 15,000 ரூபாய் கோரும் உரிமை எங்களுக்கு உண்டு. 15 நாட்களுக்குள் கான்கிரீட் போடாவிட்டால், 12ஆம் ஷரத்துப்படி ஒப்பந்தத்தை ரத்து செய்வோம்.”

ஒப்பந்தத்தில் எழுதிய தொகை இழப்பீட்டின் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான தொகையே கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. தவணைப் பணம் தாமதமானது, வரைபடம் நடுவில் மாறியது போன்றவை ஒப்பந்ததாரருக்குப் பதிலாக அமையும். எனவே பணம் கொடுத்த தேதிகளையும் கடிதத்தில் குறிப்பிட்டு, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும்.