பாஸ்வேர்டும் போகல, ஓடிபியும் கேட்கல... அப்புறம் கணக்கு எப்படிப் பறிபோகிறது?

2023 மார்ச் 23. கனடாவைச் சேர்ந்த 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனலின் பெயர் திடீரென 'டெஸ்லா' என்று மாறியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் உள்ள சேனல் அது. எலான் மஸ்க் பேசும் பழைய வீடியோ நேரலையாக ஓட, கீழே கிரிப்டோ மோசடி லிங்க். அதே நிறுவனத்தின் இன்னும் இரண்டு சேனல்களும் கைமாறின.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சேனல் அது. யாரும் ஓடிபியை ஏமாந்து சொல்லவில்லை. உள்ளே நுழையப் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. திருடுபோனது செஷன் குக்கீ.

நடந்ததை சேனலின் உரிமையாளர் லைனஸ் செபாஸ்டியனே பிறகு வீடியோவில் விளக்கினார். விளம்பர ஒப்பந்தம் தருவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊழியர் ஒருவர் அதன் இணைப்பை டவுன்லோடு செய்து, பிரித்து, உள்ளே பிடிஎஃப் போலத் தெரிந்த ஃபைலைத் திறந்தார். எதுவும் திறக்கவில்லை. 'ஃபைல் சரியில்லை போல' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால், அது பிடிஎஃப் அல்ல, ஒரு புரோகிராம். அரை நிமிடத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு பிரவுசர்களின் தகவல்களையும் வாரிச் சுருட்டி அனுப்பிவிட்டது. அதில் குக்கீகளும் இருந்தன.

குக்கீ என்றால் என்ன? தீம் பார்க்குக்குப் போனால் வாசலில் டிக்கெட்டைப் பார்ப்பார்கள், பையைச் சோதிப்பார்கள், பிறகு கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பட்டையைக் காட்டினால் போதும். ஜிமெயிலில் நடப்பதும் இதுதான். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாசல் சோதனை. அது முடிந்ததும் சர்வர் ஒரு நீளமான ரகசிய எண்ணை உருவாக்கி பிரவுசரிடம் கொடுக்கிறது. அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Set-Cookie: session_id=k7Qx92fLm4; Secure; HttpOnly
```

அடுத்த முறை இன்பாக்ஸைத் திறக்கும்போது பிரவுசர் இந்த எண்ணைத்தான் நீட்டுகிறது. மாதக்கணக்கில் பாஸ்வேர்டே கேட்காமல் ஜிமெயில் திறப்பது இதனால்தான். வசதிதான். ஆனால், அந்த எண்ணைத் திருடியவர் தன் பிரவுசரில் ஒட்டிக்கொண்டால் சர்வருக்கு அவரும் நீங்களும் ஒன்றுதான். வாசலைத் தாண்டிவிட்ட ஆளிடம் ஓடிபி எதற்குக் கேட்க வேண்டும்? இரண்டடுக்குப் பாதுகாப்பை யாரும் உடைக்கவில்லை. அது நின்ற வாசல் பக்கமே திருடர் வரவில்லை, அவ்வளவுதான்.

மேலே உள்ள வரியின் கடைசி இரண்டு சொற்களும் பாதுகாப்புக்கானவைதான். `Secure` என்றால் மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டுமே குக்கீ பயணிக்கும். `HttpOnly` என்றால் வலைப்பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. ஆனால், கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் புரோகிராமை இரண்டும் தடுக்காது. விண்டோஸில் பிரவுசர் குக்கீகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால், வெகுகாலமாக அந்தப் பூட்டு 'இந்தப் பயனர்தானா' என்று மட்டுமே பார்த்தது. எந்தப் புரோகிராம் கேட்கிறது என்று பார்க்கவில்லை. நீங்கள் திறந்த போலி பிடிஎஃப்பும் உங்கள் பெயரில்தானே ஓடுகிறது! 2024-இல் குரோம் 127-ஆம் பதிப்பில்தான் கூகுள் விண்டோஸுக்கு இந்தப் பூட்டை இறுக்கியது. அதையும் சுற்றிப்போகும் வழிகளைத் திருட்டு மென்பொருள்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இது ஒரு சேனலின் கதை மட்டுமல்ல. யூடியூபர்களைக் குறிவைத்து 2019-இன் இறுதியிலிருந்தே இதே 'விளம்பரம் தருகிறோம்' தூண்டில் வீசப்படுவதாக 2021-இல் கூகுளே விவரமாக எழுதியது. திருடிய சேனல்கள் 3 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை விலைபோயின.

சரி, குக்கீ போய்விட்டது. இப்போது என்ன செய்வது? பலரும் முதலில் செய்வது பிரவுசரில் ஹிஸ்டரியையும் குக்கீகளையும் அழிப்பது. இதனால் பயனில்லை. அழிவது உங்கள் கையில் உள்ள பட்டை மட்டும்தான். திருடர் கையில் இருக்கும் நகலை சர்வர் இன்னமும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கும். பார்க் நிர்வாகமே தன் பதிவேட்டில் 'இந்த எண் இனி செல்லாது' என்று அடித்தால்தான் நகலும் செத்துப்போகும். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் சைன் அவுட்' என்பது அதைத்தான் செய்கிறது. அடிப்பது சர்வர் பக்கத்தில்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதாதா? பல தளங்களில் அதுவே மற்ற செஷன்களையும் முடித்துவிடும். ஆனால், எல்லாத் தளத்திலும் அப்படி இல்லை; கூகுளிலும் சில சாதனங்களுக்கு விலக்கு உண்டு. இதில் ஒரு சுவாரசியமான விவாதமே நடந்தது. கூகுளின் ஒரு உள்வசதியைப் பயன்படுத்தி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் திருட்டு மென்பொருள்கள் குக்கீகளைப் புதுப்பித்துக்கொள்வதாக, 2023 டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அதற்குக் கூகுள் சொன்ன பதில்: பாதிக்கப்பட்ட பிரவுசரில் சைன் அவுட் செய்தாலோ, சாதனங்கள் பக்கத்திலிருந்து அந்தச் செஷனை நீக்கினாலோ திருட்டுச் செஷன் செல்லாது. அதாவது, பாஸ்வேர்டு மாற்றத்தோடு நிறுத்தாமல் சைன் அவுட்டும் செய்ய வேண்டும்.

கூகுளில் அதற்கான இடம் `myaccount.google.com`. அதில் பாதுகாப்புக்கான பகுதியில் `Your devices` என்று இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஊரோ, வைத்திராத சாதனமோ பட்டியலில் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால், தெரிந்த சாதனம் மட்டுமே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. குக்கீயோடு வருபவர் புதிதாக லாகின் செய்வதில்லை. உங்கள் பழைய செஷனுக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். புதிய லாகின் எச்சரிக்கையும் வராமல் போகலாம். அதனால் ஒன்றிரண்டைப் பொறுக்கி நீக்காமல், பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிடுவதுதான் சரி. திரும்ப லாகின் செய்ய எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

வரிசை இதில் முக்கியம். வைரஸ் இருக்கும் லேப்டாப்பில் உட்கார்ந்தே சைன் அவுட் செய்து, அதிலேயே மறுபடி லாகின் செய்தால் புதிய குக்கீயும் கையோடு போய்விடும். முதலில் அந்த லேப்டாப்பின் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு போனிலிருந்தோ வேறு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்தோ பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் சைன் அவுட் செய்யுங்கள். மீட்பு மின்னஞ்சல், மீட்பு போன் எண், மெயில் ஃபார்வர்டிங் ஆகியவற்றில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் பின்வாசல் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் சைன் அவுட் அதை மூடாது. லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகே அதில் லாகின் செய்யலாம். அந்த பிரவுசரில் திறந்திருந்த மற்ற கணக்குகளுக்கும் இதையேதான் செய்ய வேண்டும். ஜிமெயில் குக்கீ போயிருந்தால் இன்ஸ்டாகிராமுடையதும் போயிருக்கும்.

லைனஸ் குழு திணறியதும் இங்கேதான். சேனலை நிர்வகிக்கும் உரிமை பலரிடம் இருந்தது. யாருடைய கணக்கு வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள் என்று முதலில் புரியவில்லை. மோசடி நேரலையை நிறுத்த நிறுத்த, மறுபடி ஆரம்பித்தது. சேனல் பெயரை மாற்றும்போதோ வீடியோக்களைக் கூட்டமாக அழிக்கும்போதோ யூடியூப் ஏன் மறுபடி பாஸ்வேர்டு கேட்கவில்லை என்று லைனஸ் பிறகு கேட்டார். நியாயமான கேள்வி. பார்க் உள்ளே சுற்றப் பட்டை போதும். கல்லாப் பெட்டியைத் திறக்கவுமா அது போதும்?

குக்கீயை ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடு கட்டிப்போடும் முறையைக் கூகுள் 2024-இல் அறிவித்தது. கம்ப்யூட்டரின் பாதுகாப்பு சிப்பில் ஒரு சாவி இருக்கும். அந்தச் சாவி தன்னிடம் இருப்பதை பிரவுசர் அவ்வப்போது சர்வரிடம் நிரூபிக்க வேண்டும். குக்கீயைக் காப்பி எடுக்கலாம், சாவியை வெளியே எடுப்பது கடினம். ஆனால், ஒவ்வொரு தளமும் இதைத் தன் பங்குக்குச் செயல்படுத்தினால்தான் அந்தத் தளத்தின் குக்கீக்கு இந்தக் காவல் கிடைக்கும்.