முதல்ல எடுத்து வையி

வீதி நாடகக் குழு ஊருக்குள் வந்ததும் முதலில் பேசுவது பறைதான். ஆலமரத்தடியிலோ, மாரியம்மன் கோயில் திடலிலோ நாலு பேர் நின்று அடிக்கத் தொடங்கினால் சிறுவர்கள் ஓடி வருவார்கள். அடுத்து வாசற்படிகளில் பெண்கள் வந்து நிற்பார்கள். ஆண்கள் டீக்கடையை விட்டு நகர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். மேடையோ திரையோ கிடையாது. கூட்டம் வட்டமாக நின்றதும் அந்த வட்டமே அரங்கமாகிவிடும். நாடகம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊரில் மிஞ்சுவது பாட்டு மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் பல்லவி மட்டும்தான்.

கலையை இப்படி ஊர் ஊராகக் கொண்டுபோகும் வழக்கத்துக்குக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் நடத்திய கலைப்பயணம் பெரிய முன்னோடி. தமிழகத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காக அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பரவிய காலமும் ஏறத்தாழ அதுவே. தர்மபுரியில் 1989இல் அவை தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தில் இறங்கியது. எழுத்தைப் போலவே சேமிப்பும் நாடகத்துக்குப் பொருளானது.

சேமிப்புப் பாட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது பல்லவியில்தான். ‘சேமிப்பு நல்லது, சிக்கனம் சிறந்தது’ என்று எழுதிவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்ன செய்வது? நல்ல பல்லவி ஒரே ஒரு செயலைச் சொல்லும். அதையும் கையைப் பிடித்துக் காட்டுவதுபோலச் சொல்லும். இந்தக் கட்டுரைக்காகக் கட்டிய பல்லவி ஒன்று:

முதல்ல எடுத்து வையி,
மிச்சத்தைச் செலவு செய்யி!

ஆறே சொற்கள். முன்னடி ‘மு’வில் தொடங்க, பின்னடி ‘மி’யில் தொடங்குகிறது. ‘வையி’யும் ‘செய்யி’யும் கடைசியில் இயைகின்றன. ஒருமுறை கேட்டாலே நாக்கில் ஒட்டுவதற்கு இந்த மோனையும் இயைபும் போதும். இதில் சொல்லியிருக்கும் செய்தி வரிசைமுறை பற்றியது. செலவு போக மீந்தால் சேர்ப்போம் என்பது ஏறக்குறைய எல்லா வீட்டுக் கணக்கும். மீதமோ வருவதே இல்லை. பல்லவி அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. ஆகவே சரணம், மீதம் வராத கதையைச் சொன்னால் போதும்:

கூலிக்காசு வாங்கி வந்தேன், கொத்தமல்லி வாங்கப் போனேன்,
மீதிக்காசு எண்ணிப் பாத்தா முந்தியில ஒண்ணுமில்ல!

நடிகை முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறிக் காட்டும்போது கூட்டம் சிரிக்கும். பறை நின்றுவிடும். அந்த ஒரு நொடி அமைதியில் பாடகர் ‘முதல்ல’ என்று மட்டும் இழுத்து நிறுத்துவார். மிச்சம் கூட்டத்தின் பொறுப்பு. முதல் தடவை குழு மட்டும்தான் பாடும். இரண்டாம் தடவை சிறுவர்கள் சேர்வார்கள். நான்காவதில் பெண்களின் குரல் வரும். நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது கிராமத்துக்குப் பழகிய முறை. அதனால் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பாட்டின் நடுவே ஒரு கணக்கு வர வேண்டும். ஒன்றே போதும். இரண்டாவது கணக்கு வந்தால் முதலாவதும் மறந்துபோகும். நாளுக்குப் பத்து ரூபாய், மாதம் 300 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். ஒருத்தி 6,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். நூற்றுக்கு ஐந்து வட்டி. கிராமத்துப் பேச்சில் அது மாத வட்டி. அப்படியானால் அவள் மாதம் கட்டுவது 300 ரூபாய்.

ஆறாயிரம் வாங்கி வந்தேன், அஞ்சு வட்டி கட்டி வந்தேன்,
அஞ்சு வருசம் கட்டிப்புட்டேன், ஆறாயிரம் அப்படியே!

ஐந்து ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 18,000 ரூபாய் போய்விட்டது. அசல் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அதே 300 ரூபாயை அஞ்சலகத்தில், ஊரார் ஆர்.டி. என்று சொல்லும் தொடர்வைப்புக் கணக்கில், மாதாமாதம் கட்டுகிறாள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு முடிவில் அவள் கைக்கு வருவது சுமார் 21,410 ரூபாய். இரண்டு நடிகைகளும் எதிரெதிரே நின்று ஒரே தாளத்தில் காசை எண்ணிப் போட்டால், இதற்கு விளக்கமே வேண்டாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட்டி விகிதத்தைப் பாட்டுக்குள் வைக்கக் கூடாது. தொடர்வைப்புக்கு 6.7 என்ற விகிதம் 2023 அக்டோபரில் வந்தது. அரசு இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றலாம். பாட்டோ பத்து வருடம் ஊரில் சுற்றும். மாறக்கூடிய எண்களை நாடக வசனத்தில் வைத்தால், அடுத்த ஊருக்குப் போகுமுன் திருத்திக்கொள்ளலாம்.

பல்லவியில் ‘பெருகும்’, ‘இரட்டிப்பாகும்’ என்ற சொற்களும் வேண்டாம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் கேட்டது அந்தச் சொற்களைத்தான். பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி வருகிறவனை நாடகத்தில் கோமாளியாக உலவ விடலாம். அவன் பாட்டும் நன்றாகத்தான் இருக்க வேண்டும். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஆசை வரவில்லை என்றால் அந்தக் காட்சியால் பயனில்லை.

எழுதுகிறவர்கள் மறக்கும் இன்னொன்று, பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற நினைப்பு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் காசு ஒளித்து வைத்த கைகள் அவை. அவர்களுக்குத் தெரியாததை அல்ல, அவர்களால் முடியாததைப் பற்றித்தான் நாடகம் பேச வேண்டும். ஒளித்த காசு புருஷன் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அவள் பெயரிலேயே கணக்கு இருந்தால் என்ன மாறும்? இதற்காகக் குடிகாரக் கணவனை மேடையேற்றி எல்லோரும் சேர்ந்து திட்டுவது சுலபமான வழி. ஆனால் திட்டு வாங்கியவர்கள் வட்டத்தை விட்டு நழுவிவிடுவார்கள். பல்லவியைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேர் அவர்கள்தானே.

பாட்டு வேலை செய்ததா என்பதைக் கைத்தட்டல் சொல்லாது. பல்லவியைச் சிறுவர்கள் பாடிக்கொண்டே போவதும் சொல்லாது. நாடகம் முடிந்ததும் கூட்டத்தில் நாலு பெண்களிடம், ‘நாளைக்கு வர்ற காசுல எதை, எங்க வைப்பீங்க?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘சேமிக்கணும்ங்க’ என்று மட்டும் பதில் வந்தால் பாட்டு காதோடு நின்றுவிட்டது. ‘குழுவுல நூறு ரூவா கூடப் போடுவேன்’ என்றோ, ‘போஸ்டாபீஸுக்கு என்ன கொண்டுபோகணும்?’ என்றோ வந்தால் அது உள்ளே இறங்கியிருக்கிறது. ‘எடுத்து வைக்க ஏதும் இருந்தாத்தானே?’ என்ற பதிலும் வரும். அது நியாயமான பதில். கூலியே கிடைக்காத மாதத்தில் இந்தப் பல்லவிக்கு வேலை இல்லை. அதை மறைக்காமல் ஒரு பாத்திரத்தின் வாயால் நாடகத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்தப் பாத்திரத்துக்கு அஞ்சலக ஊழியர் வேடத்தில் வருபவர் பதில் சொல்லலாம். கணக்கை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அதாவது 300 ரூபாய்த் தவணைக்கு மூன்று ரூபாய். நான்கு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அப்போதும் இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டி உயிர்ப்பித்துக்கொள்ளலாம்.