திரையில்லாமல் விழிக்கும் கணினி

கிள்ளானில் மாமாவின் கடைக் கணக்குகளுக்குத் தினமும் ஒரு நகல் எடுத்து வைக்க, சிறிய ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றை அமைத்தேன். அங்கே அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு மேசையிலேயே எல்லாவற்றையும் தயார் செய்ய வேண்டியிருந்தது.

ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் ‘லைட்’ வகையில் சாளரங்களோ சுட்டெலியோ கிடையாது. கட்டளை வரி மட்டுமே. நான் எடுத்தது 2023-இல் வந்த புக்வோர்ம் பதிப்பு. அதை மெமரி கார்டில் எழுதி முடித்ததும் `bootfs` என்றொரு பகுதி தெரியும். அது FAT வகை என்பதால் விண்டோஸ் உட்பட எந்தக் கணினியும் அதில் எழுதும். முதல் தடவை விழிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் சொல்லி வைக்கிறோம்.

முதலில் `ssh` என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்று. உள்ளே ஓர் எழுத்தும் வேண்டாம். அந்தப் பெயரைக் கண்டாலே கணினி தொலைநுழைவைத் திறந்துவிடும். 2016 நவம்பர் வரை இது தேவைப்படவில்லை, கதவு திறந்தே இருந்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே பயனர் `pi`, ஒரே கடவுச்சொல் `raspberry` என்றிருந்ததால் அது ஆபத்தானது. 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனரையும் நீக்கினார்கள். நல்ல முடிவு; ஆனால் பயனரை இனி நாமே உருவாக்க வேண்டும். லினக்ஸ் மடிக்கணினியில் இதைத் தட்டினேன்:

```
openssl passwd -6
```

கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, `$6$` என்று தொடங்கும் நீண்ட சரம் ஒன்றைத் தரும். அதைப் பயனர் பெயருடன் ஒரே வரியாக `userconf.txt` கோப்பில் எழுத வேண்டும்:

```
kadai:$6$...
```

வைஃபையை விட்டுவிட்டு, ரவுட்டருக்குக் கேபிளே போட்டேன். இடம் மாறினாலும் கேபிளுக்கு அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம். முதல் விழிப்பில் கணினி கார்டின் முழு இடத்தையும் தனதாக்கிக்கொண்டு, தானே மறுபடி தொடங்கும். சில நிமிடம் பொறுத்து:

```
ssh kadai@raspberrypi.local
```

பதில் வராவிட்டால் கார்டைக் கழற்றி `bootfs` பகுதியைப் பாருங்கள். கணினி `ssh` கோப்பைப் படித்ததும் அழித்துவிடும். கோப்பு இன்னும் அங்கேயே இருந்தால் கணினி அதுவரை விழிக்கவே இல்லை: மின்சாரம் போதவில்லை, அல்லது கார்டு பழுது. கோப்பு மறைந்திருந்தால் தேட வேண்டிய இடம் கேபிளும் ரவுட்டரும். பதில் வந்து, சரியான பயனர் அமையும்வரை SSH வேலை செய்யாமல் போகலாம் என்று எச்சரித்தால் `userconf.txt` கோப்பில்தான் பிழை. பெரும்பாலும் பெயருக்கும் சரத்துக்கும் நடுவிலுள்ள முக்காற்புள்ளி விடுபட்டிருக்கும்.

`.local` பெயர் ஒரே வீட்டு வலைக்குள் மட்டுமே செல்லும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கூப்பிட்டால் கிள்ளானில் இருக்கும் பெட்டிக்குக் கேட்காது, அதற்கு வி.பி.என். தேவை. அதையும் என் மேசையிலேயே நிறுவி, கைப்பேசி இணையம் வழியாக ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகுதான் பெட்டியை மாமாவிடம் கொண்டுபோனேன்.