நான்கு உறுப்புக் கோவை: ஜோடி சேராவிட்டால் என்ன செய்வது?

‘காரணிப்படுத்துக’ என்று கேள்வி வந்து, கோவையில் நான்கு உறுப்புகள் இருந்தால், பெரும்பாலான பிள்ளைகளின் கை யோசிக்காமல் ஒரு வேலை செய்யும். முதல் இரண்டு உறுப்புகளை ஓர் அடைப்புக்குறிக்குள்ளும் கடைசி இரண்டை இன்னொன்றுக்குள்ளும் போட்டுவிடும். பல கணக்குகளில் அது பலிக்கும். பலிக்காதபோது அதே இரண்டு அடைப்புக்குறிகளைத் திரும்பத் திரும்ப எழுதி அழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஜோடி சேருமா சேராதா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது.

முதலில் பலிக்கும் கணக்கு ஒன்று:

x³ + 3x² + 2x + 6

முதல் இரண்டில் x² பொது, கடைசி இரண்டில் 2 பொது. வெளியே எடுத்தால் x²(x + 3) + 2(x + 3). இரண்டு அடைப்புக்குறிக்குள்ளும் ஒரே x + 3 நிற்கிறது. அதையே பொதுக் காரணியாக எடுத்தால் (x + 3)(x² + 2). கணக்கு முடிந்தது.

இது ஏன் பலித்தது? விடையைப் பெருக்கிப் பார்த்தால் தெரியும். (a + b)(c + d) என்பதை ஒரு செவ்வக மனையாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் a, b என்று இரண்டு துண்டு. அகலம் c, d என்று இரண்டு துண்டு. மனை நான்கு கட்டங்களாகப் பிரிகிறது: மேல் வரிசையில் ac, bc, கீழ் வரிசையில் ad, bd. மூலைவிட்டத்தில் எதிரெதிரே இருக்கும் கட்டங்களைப் பெருக்குங்கள். ac × bd என்பதும் abcd, bc × ad என்பதும் abcd. எந்த எண்ணைப் போட்டாலும் இந்த இரண்டு பெருக்கற்பலன்களும் சமமாகவே வரும்.

சோதனை இதிலிருந்தே கிடைக்கிறது. நான்கு உறுப்புகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் பெருக்கிப் பாருங்கள். எங்காவது இரண்டு பெருக்கற்பலன்களும் சமமானால், பொதுக் காரணி எடுக்கும் முறை கட்டாயம் பலிக்கும். மேலே உள்ள கணக்கில் x³ × 6 = 6x³; 3x² × 2x = 6x³. சமம். நான்கு உறுப்புகளை இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்றே வழிகள்தான் என்பதால், சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது வரிசை கலைந்த ஒரு கோவை:

2xy + 15 + 6x + 5y

முதல் இரண்டில் பொதுவாக எதுவும் இல்லை. கை அங்கேயே நின்றுவிடும். ஆனால் 2xy × 15 = 30xy; 6x × 5y = 30xy. ஆக, கோவை பிரியும். கூடவே இன்னொரு செய்தியும் கிடைக்கிறது: 2xy, 15 இரண்டும் எதிரெதிர் மூலைக் கட்டங்கள். அவற்றை ஒரே அடைப்புக்குறிக்குள் போடக் கூடாது. இடம் மாற்றி எழுதினால் 2xy + 6x + 5y + 15. அதாவது 2x(y + 3) + 5(y + 3). விடை (y + 3)(2x + 5).

சோதனையில் சமம் வந்தும் அடைப்புக்குறிகள் ஒத்துப்போகவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கழித்தல் குறியில் இருக்கும். x³ − 5x² − 4x + 20 என்ற கோவையில் கடைசி இரண்டிலிருந்து 4-ஐ எடுத்தால் உள்ளே −x + 5 நிற்கும். முதல் ஜோடியின் x − 5 உடன் சேராது. −4-ஐ எடுக்க வேண்டும். அப்போது x²(x − 5) − 4(x − 5), அதாவது (x − 5)(x² − 4). இங்கே நிறுத்திவிடக் கூடாது. x² − 4 இன்னும் பிரியும். முழு விடை (x − 5)(x + 2)(x − 2).

மூன்று வழியிலும் சமம் வரவில்லையா? இரண்டிரண்டாகச் சேர்த்துப் பொதுக் காரணி எடுக்கும் ஆசையை விட்டுவிடலாம். அடுத்து, கோவையில் வர்க்கங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

x² − y² + 6x + 9

இது ஆளை ஏமாற்றும் கணக்கு. முதல் இரண்டைப் பார்த்ததும் (x + y)(x − y) என்று எழுதத் தோன்றும். மிச்சம் 3(2x + 3). இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் x², y², 9 என்று மூன்று வர்க்கங்கள் இங்கே இருக்கின்றன. மீதமுள்ள 6x என்பது x, 3 இவற்றின் பெருக்கற்பலனைப் போல இரு மடங்கு. ஆகவே மூன்றும் ஒன்றுமாகப் பிரிக்க வேண்டும்: x² + 6x + 9 ஒரு பக்கம், y² மறு பக்கம். (x + 3)² − y² என்றானதும், இரு வர்க்கங்களின் வித்தியாச முற்றொருமை வேலையை முடித்துவிடும்: (x + 3 + y)(x + 3 − y).

x³ − y³ + x − y போன்ற கோவைகளும் சோதனையில் தேறாது. ஆனால் x³ − y³-க்கு முற்றொருமையைப் போட்டால் x − y பொதுவாக வந்துவிடும். விடை (x − y)(x² + xy + y² + 1).

கடைசியாக, ஒரே மாறியில் அமைந்த முப்படிக் கோவை:

x³ − 6x² + 11x − 6

முதலும் கடைசியும் பெருக்கினால் −6x³. நடு இரண்டும் பெருக்கினால் −66x³. சேரவில்லை. மற்ற இரண்டு வழிகளிலும் x-இன் படியே ஒத்துப்போகாது. இங்கே காரணித் தேற்றம் கைகொடுக்கும். x-க்கு ஒரு எண்ணைப் போட்டுக் கோவை பூச்சியமானால், x-லிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி. x³-இன் கெழு 1 என்பதால், மாறிலி 6-ஐ மீதியின்றி வகுக்கும் 1, 2, 3, 6 ஆகியவற்றையும் அவற்றின் எதிர் எண்களையும் பார்த்தால் போதும். x = 1 போட்டால் 1 − 6 + 11 − 6 = 0. ஆக, x − 1 ஒரு காரணி.

பள்ளியில் இதற்குப் பிறகு தொகுமுறை வகுத்தல் செய்வார்கள். வகுக்காமல், நடு உறுப்புகளை உடைத்தும் சேர்க்கலாம். x − 1 வரும்படி −6x²-ஐ −x² − 5x² என்றும், 11x-ஐ 5x + 6x என்றும் உடையுங்கள்:

x³ − x² − 5x² + 5x + 6x − 6

இப்போது x²(x − 1) − 5x(x − 1) + 6(x − 1). நான்கு உறுப்புகள் ஆறாகி, மூன்று ஜோடிகளாகச் சேர்ந்துவிட்டன. x² − 5x + 6-ஐயும் பிரித்தால் விடை (x − 1)(x − 2)(x − 3).

எதற்கும் அசையாத கோவைகளும் உண்டு. x³ + x² + x + 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். x-க்கு 1, −1, 2, −2 போட்டால் முறையே 5, 1, 16, −4 வருகின்றன; எதுவும் பூச்சியம் இல்லை. முப்படிக் கோவை முழு எண் கெழுக்களோடு பிரிந்தால் அதில் ஒரு காரணியாவது ஒருபடியாக இருந்தே தீர வேண்டும். அப்படி ஒன்று இல்லை என்பதால், இந்தக் கோவை அப்படிப் பிரியாது. நான்குபடிக் கோவைக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. அது இரண்டு இருபடிக் காரணிகளாகப் பிரியலாம்.

ஆகவே, நான்கு உறுப்புகளைக் கண்டதும் அடைப்புக்குறி போடாதீர்கள். நான்குக்கும் பொதுவானது இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். பிறகு பெருக்கற்பலன்களைச் சோதியுங்கள். சேராவிட்டால் வர்க்கங்களையும் முற்றொருமைகளையும் தேடுங்கள். முப்படியானால் மாறிலியின் வகுத்திகளைப் போட்டுப் பாருங்கள். எந்த வழியில் விடை வந்தாலும், காரணிகளை ஒரு முறை பெருக்கிச் சரிபார்த்த பிறகே அடுத்த கணக்குக்குப் போங்கள்.